ரின்னுக்குள் இருந்த கடிதம்: நாவல் தெரிவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தெரிவுக் குழுவினருக்கு,

வணக்கம். திருகோணமலையில் நீங்கள் நடத்திய நாவல் போட்டிக்கு வந்த கையெழுத்துப் பிரதிகளை முதல் சுற்றில் வாசித்தவர்களில் நானும் ஒருவன். நூலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னைக் கூப்பிட்டீர்கள், நானும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். முடிவு வந்து பரிசும் அறிவித்தாகிவிட்டது. இரண்டாம் பரிசு பெற்ற நாவலை நீங்களே அச்சிடப் போவதாகவும், அதற்கு முன் கடைசியில் நம்பிக்கை தரும் ஓர் அத்தியாயத்தைச் சேர்த்து ஒன்பதாம் அத்தியாயத்தில் உள்ள செய்தியை இன்னும் விரிவாக்கித் தரும்படி எழுதியவரைக் கேட்டிருப்பதாகவும் அறிந்தேன். அதைப் பற்றித்தான் இந்த மடல். பிரதி இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

அதை எழுதியவர் ஓர் இளம் பெண். நான் அவரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். கதையைப் பற்றி வெளியில் எழுதலாமா என்று கேட்டேன். என் பெயரைப் போடாமல் எழுதுங்கள் அண்ணை என்றார். அப்படியே எழுதுகிறேன்.

நாவலில் செய்தி இருக்கக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. இங்கே எழுதுகிற யாராலும் காணியைப் பற்றி, முகாமைப் பற்றி, காணாமல் போனவர்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. எழுதாமல் விட்டால் அதுவும் ஒரு பக்கம் சாய்வதுதான். 1960களில் முற்போக்கு எழுத்தாளர் அணியும் அதிலிருந்து பிரிந்து நற்போக்கு என்று நின்ற எழுத்தாளர் எஸ்.பொ.வும் மோதிக்கொண்டதை என் தலைமுறை வாசகர்கள் மறக்கவில்லை. அந்தச் சண்டையை மறுபடி கிளப்புவது என் நோக்கம் இல்லை. ஒரு பிரதியில், ஒரு குறிப்பிட்ட இடத்தில், செய்தி கதையின் மூச்சை எப்படி நிறுத்தியது என்பதை மட்டும் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

கதை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 2006இல் இடம்பெயர்ந்து முகாமில் இருக்கிற ஒரு பெண். வயது 40ஐத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. அவளிடம் ஒரு பழைய பிஸ்கட் ரின் இருக்கிறது. அதற்குள் தகப்பன் பெயரில் அரசாங்கம் கொடுத்த காணி பேமிற், அதாவது காணி அனுமதிப் பத்திரம். முதல் அத்தியாயத்தில் மழை தகரக் கூரையில் அடிக்கிறது, ஒழுக்கு நேரே ரின்னுக்கு மேல் விழுகிறது. அவள் பேமிற்றை எடுத்து, சோற்றுப் பானை மூடியைக் கவிழ்த்து, இளஞ்சூட்டில் அதன் மேல் விரித்து, மடிப்புகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைக்கிறாள். காயும்போது வாய்க்குள் எல்லைகளைச் சொல்கிறாள்: வடக்கே வண்டிப்பாதை, கிழக்கே இன்னாரின் வளவு, தெற்கே வாய்க்கால். அந்தக் காணியை வாசகன் இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு பக்கங்களிலேயே அதில் நடந்து வந்த மாதிரி ஆகிவிடுகிறது.

அப்புறம் மூன்றாம் அத்தியாயத்தில்தான் கதையின் உண்மையான முடிச்சு வருகிறது. ரின்னுக்குள் பேமிற்றுக்குக் கீழே ஒரு கடிதம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஊரை விட்டுப் போன அண்ணன் எழுதியது. அவன் உயிரோடு இருக்கிறான் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். தகப்பன் பின்னுரித்தாளர் என்று யாரையும் பெயர் குறிக்காமல் இறந்துவிட்டார், தாய் அதற்கு முன்பே போய்விட்டாள். அப்படி வந்தால் பேமிற் காணி யாருக்குப் போகும் என்பதை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அதன் மூன்றாம் அட்டவணையில் முதல் வரிசை ஆண் பிள்ளைகளுக்கு, அதிலும் மூத்தவனுக்கு. பெண் பிள்ளை அதற்குப் பிறகுதான். 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனால் இந்தக் கதை அதற்கு முன் நடப்பது. காணியைக் காத்தவள், தகப்பனைக் கடைசிவரை பார்த்தவள், ரின்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். சட்டப்படி காணி அண்ணனுக்கு. கடிதத்தை அவள் கிழிக்கவும் இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லை.

நான் பிரதியை மேசையில் வைத்துவிட்டு எழும்பி நடந்தது இந்த இடத்தில்தான். காணி எங்களுடையது என்று நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். ‘எங்களுடையது’ என்ற சொல்லுக்குள் இவள் எங்கே நிற்கிறாள் என்று இந்தப் பிள்ளை கேட்டுவிட்டாள். முகாமில் இருக்கிற ஒருத்திக்கு எதிரே இராணுவ வேலி ஒன்று இருக்கிறது. வேலி விலகினாலும் அதற்குப் பின்னால் அட்டவணை ஒன்று காத்திருக்கிறது. அதற்குப் பின்னால் அவளுடைய சொந்த மனச்சாட்சி. மூன்றும் ஒரே ரின்னுக்குள்.

சரி, ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். முகாமுக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். மரத்தடியில் சனங்களைக் கூட்டிவைத்து காணி உரிமை பற்றிப் பேசுகிறார். 11 பக்கம். அவர் சொல்வதில் ஒரு வரி கூடப் பிழை இல்லை, எல்லாம் நான் ஒப்புக்கொள்கிற விஷயம். அவள் முன்வரிசையில் இருந்து கேட்கிறாள், கண் கலங்குகிறாள், எழும்பி கை தட்டுகிறாள். அத்தோடு அந்தக் கடிதம் காணாமல் போகிறது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று கடைசி அத்தியாயம் வரை ஒரு முறை கூட அது வரவில்லை. ஊர்வலம் வருகிறது, மகஜர் வருகிறது, ரின் வருகிறது. ரின்னைத் திறக்கும்போது உள்ளே பேமிற் மட்டும்தான் இருக்கிறது.

உங்கள் குறிப்பேட்டில் இந்த அத்தியாயத்துக்கு நேரே ‘சமூகப் பொறுப்பு மிக்க பகுதி’ என்று எழுதியிருந்தீர்கள். உரை நீளமாகப் போய்விட்டது என்று குறை சொல்லியிருந்தால் கூட நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். நீளத்தைக் குறைக்கலாம். என் மனதை அறுப்பது வேறு. அந்தப் பேச்சு கதையில் நிற்பதற்கு அந்தக் கடிதம் இடைஞ்சலாக இருந்தது. கடிதம் இருந்தால் ‘எங்கள் காணி எங்களுக்கே’ என்ற வரியைக் கேட்டு அவளால் நிம்மதியாகக் கை தட்ட முடியாது. அதனால் கடிதத்தை எடுத்துவிட்டாள் எழுதியவள். செய்தி கதையை அமுக்குகிற இடம் எப்போதும் பேச்சு வருகிற இடத்தில்தான் இருக்கும் என்றில்லை. பேச்சுக்கு வசதி பண்ணிக் கொடுக்க எழுத்தாளர் எதை ஒளிக்கிறார் என்று பார்த்தால் அந்த இடம் பிடிபடும்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற பிழை இல்லை. அப்டன் சிங்கிளேர் என்ற அமெரிக்கர் எழுதிய ‘தி ஜங்கிள்’ நாவலை உங்களில் சிலர் வாசித்திருப்பீர்கள். 1904இல் சிக்காகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளில் ஏழு வாரம் சுற்றித் திரிந்து விஷயம் சேர்த்தார். முதலில் ஒரு சோசலிசப் பத்திரிகையில் தொடராக வந்து, 1906 பெப்ரவரியில் புத்தகமானது. லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்த யூர்கிஸ் என்ற பலசாலியின் குடும்பக் கதை. அதிலும் ஒரு காணி உறுதி மாதிரியான சங்கதி வருகிறது. 1,500 டொலருக்கு ஒரு வீட்டை வாங்குகிறார்கள், 300 முன்பணம், பிறகு மாதம் 12. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. பயந்து போய் ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டுகிறார்கள், அவர் எல்லாம் சரி என்கிறார். குடிவந்த பிறகு அக்கம்பக்கத்துக் கிழவி ஒருத்தி சாதாரணமாகக் கேட்கிறாள், வட்டி எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று. வட்டியா என்று திகைக்கிறார்கள். ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் மாதம் கிட்டத்தட்ட 7 டொலர் வட்டி எழுதித்தான் இருக்கிறது. முதலாளித்துவம் என்ற சொல் அந்தப் பக்கத்தில் தேவையே படவில்லை. வாசகனுக்கு வயிறு கலங்கிவிடுகிறது.

அதே நாவலில் 28ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள். மனைவி செத்து, குழந்தை செத்து, எல்லாம் இழந்த யூர்கிஸ் ஒரு கூட்ட மண்டபத்துக்குள் போய்க் குந்துகிறான், தூங்கிவிடுகிறான். பக்கத்தில் இருந்த பெண் எழுப்பி, கேட்டுப் பார்த்தால் உங்களுக்குப் பிடிக்கலாம் தோழரே என்கிறாள். அவன் கேட்கிறான், மனம் மாறுகிறான். நாவல் 31 அத்தியாயம். மிச்சம் முழுக்க அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கடைசி அத்தியாயத்தில் ஒரு வீட்டு விருந்தில் மற்றவர்கள் சோசலிசத்தை விளக்க அவன் ஓரமாக இருக்கிறான். 27 அத்தியாயமாக எங்களோடு இரத்தமும் சதையுமாக வந்த மனுசன் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுகிறான்.

இதில் என்னைத் தொட்ட இடம் மரியா. அவனுடைய மனைவியின் ஒன்றுவிட்ட சகோதரி. பிழைக்க வழியில்லாமல் விலைமாதர் விடுதிக்குப் போனவள். அவனுக்கு வேலை கிடைத்ததும் போய் அவளை வா என்று கூப்பிடுகிறான். வர முடியாது என்கிறாள், போதைக்கு அடிமையாகிவிட்டாள். இதுதான் அந்தத் தத்துவத்தின் முன் நாவல் வைத்திருக்க வேண்டிய கேள்வி. இவளுக்கு உங்கள் புதிய உலகத்தில் என்ன இருக்கிறது? சிங்கிளேர் அந்தக் காட்சியை ஒரு பக்கத்தில் முடித்துக்கொண்டு விருந்துக்குப் போய்விடுகிறார். எங்கள் கடிதம் மாதிரித்தான். பேச்சுக்கு இடைஞ்சலாக இருந்தவளை வழியில் விட்டுவிட்டார்.

புத்தகம் வந்து என்ன நடந்தது? தொழிலாளரின் நிலையைப் பார்த்து நாடு கொதிக்கும் என்று அவர் நினைத்தார். நாடு கொதித்தது தாங்கள் தின்னும் இறைச்சியை நினைத்து. 1906 ஜூன் 30இல் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் உணவு மருந்துச் சட்டமும் கையெழுத்தாகின. மக்களின் இதயத்தைக் குறிவைத்தேன், தற்செயலாக வயிற்றில் பட்டது என்று அவரே வருத்தத்தோடு சொன்னார். இதற்குப் பல காரணம் இருக்கலாம். என் வாசிப்பில், இறைச்சி வருகிற பக்கங்களில் அவர் கண்ணால் கண்டதை எழுதினார், தத்துவம் வருகிற பக்கங்களில் காணும் வேலையை நிறுத்திவிட்டார். கண்டு எழுதிய பக்கங்கள்தான் சட்டத்தையே மாற்றின.

செய்தி சொல்லும் நாவலில் பேச்சே வரக்கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பேச்சை எப்படி வைப்பது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். மக்சிம் கோர்க்கியின் ‘தாய்’. ரகுநாதனின் தமிழில் இங்கே எத்தனை வீட்டில் இருந்த புத்தகம் அது! அதைவிட வெளிப்படையான அரசியல் நாவல் வேண்டுமா? தொழிற்சாலைக்குப் பக்கத்துச் சதுப்பு நிலத்தை வற்ற வைப்பதற்காகத் தொழிலாளரின் ஒவ்வொரு ரூபிளிலும் ஒரு கோபெக் பிடிக்க முதலாளி உத்தரவு போடுகிறான். மகன் பாவெல் ஏறி நின்று பேசுகிறான், வேலைநிறுத்தம் செய்வோம் என்கிறான். சனங்கள் பின்னால் வரவில்லை, கலைந்து போகிறார்கள். அவன் தோற்றுப்போய் வீட்டுக்கு வருகிறான். ரீபின் என்ற தொழிலாளி அவனிடமே சொல்கிறான்: நன்றாகப் பேசினாய், ஆனால் இதயத்துக்குப் பேசவில்லை. நாவல் தன் கதாநாயகனின் பேச்சைத் தானே விமரிசிக்கிறது. அன்றிரவு பொலிஸ் அவனைப் பிடிக்கிறது.

அந்தத் தோல்வியிலிருந்துதான் கதை நகர்கிறது. மகன் உள்ளே இருக்கும்போதும் துண்டுப் பிரசுரங்கள் தொழிற்சாலைக்குள் வந்துகொண்டிருந்தால் அது அவன் வேலை இல்லை என்று ஆகும். யார் கொண்டு போவது? தாய் நிலொவ்னா. புருசனிடம் அடி வாங்கியே பயந்து பழகியவள். சாப்பாடு விற்கும் பெண்ணோடு சேர்ந்து, பிரசுரங்களை உடுப்புக்குள் கட்டி மறைத்து, சாப்பாட்டுச் சுமையோடு காவலர்களைத் தாண்டி உள்ளே போகிறாள். மேடையில் தோற்ற செய்தி சாப்பாட்டுச் சட்டியோடு உள்ளே போகிறது. அந்த வாசலில் அவளுக்கு நடுங்குவது எங்களுக்கும் நடுங்குகிறது. இரண்டாம் பாதியில் கோர்க்கியும் பேச்சை நீட்டுகிறார், நீதிமன்றத்தில் பாவெல் பேசும் பகுதியை நான் இன்றும் பொறுமையோடுதான் வாசிக்கிறேன். ஆனால் அவர் தாயை விடவில்லை. அவளுடைய பயத்தை அவசரமாகத் துடைத்துவிடவும் இல்லை.

இப்போது எங்கள் பிரதிக்குத் திரும்புகிறேன். நான் இந்த மடலை எழுத உண்மையான காரணம் இதுதான்.

முடிவு வந்த பிறகு தங்கச்சியைச் சந்தித்தேன். அந்தக் கடிதத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துத் தந்தார். போட்டி அறிவித்தல் வருவதற்கு முன் எழுதிய பழைய ஒன்பதாம் அத்தியாயம் அதில் இருந்தது. ஆசிரியரும் இல்லை, மரத்தடிக் கூட்டமும் இல்லை. அவள் பிரதேச செயலகத்துக்குப் போகிறாள். விடிய ஐந்தரை பஸ்ஸில் வந்து வரிசையில் நிற்கிறாள். ரின்னை மார்போடு அணைத்திருக்கிறாள், வெயில் ஏற ரின் சுடுகிறது, சேலைத் தலைப்பை இடையில் வைத்துப் பிடிக்கிறாள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன் அவளுடைய முறை வருகிறது. உத்தியோகத்தர் கெட்டவர் இல்லை. களைத்துப் போயிருக்கிறார், அவரும் ஒரு காலத்தில் இடம்பெயர்ந்தவர்தான். படிவத்தை நிரப்பிக்கொண்டு வருகிறார். தலையை நிமிர்த்தாமல் கேட்கிறார்:

“அண்ணன் இருக்கிறாரா, மோசம் போயிட்டாரா?”

அவள் ரின்னின் மூடியை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். பின்னால் நிற்கிற கிழவர் இருமுகிறார். உத்தியோகத்தர் பேனையைத் தாளில் வைத்தபடி காத்திருக்கிறார். அத்தியாயம் அங்கே முடிகிறது.

இதை ஏனம்மா எடுத்தாய் என்று கேட்டேன். உங்கள் அறிவித்தலைக் காட்டினார். ‘சமூகத்துக்குத் தெளிவான செய்தி சொல்லும் நாவல்கள்’ என்று அதில் இருந்தது. புள்ளித் திட்டமும் இருந்தது. 100இல் செய்திக்கு 40, மொழிக்கும் கதைக்கட்டுக்கும் பாத்திரங்களுக்கும் 20 வீதம். “பழைய அத்தியாயத்தில செய்தி என்னெண்டு ஒரு வரியில சொல்ல ஏலாது அண்ணை. சனம் பிழையா விளங்கினாலும் விளங்கும். காணி கேக்கிறவை பொய் சொல்லுறவை எண்டு ஆகிப்போடும் எண்டு பயந்திட்டன்” என்றார்.

அந்தப் பயத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. காணி கேட்கிறவர்களைப் பொய்யர் என்று சொல்லக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் அவளைப் பொய் சொல்லத் தள்ளுவது எது என்று அந்த வரிசையில் நிற்கிற வாசகனுக்கு மிக நன்றாகத் தெரியும். அவள் உண்மை சொன்னால் காணி போகும், பொய் சொன்னால் அண்ணனைத் தன் வாயால் கொல்ல வேண்டும். காணி உரிமை பற்றி அந்த ஆசிரியர் 11 பக்கத்தில் சொன்னதில் இது இல்லை. ஆண் பிள்ளைக்கு முதல் இடம் கொடுத்த அட்டவணையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ‘எங்களுக்கே’ என்ற சொல் உடைந்திருக்கும். உங்கள் குழுவுக்கு அரசியல் வேண்டுமானால், அரசியல் அந்தப் பழைய கொப்பியில்தான் கூடுதலாக இருக்கிறது.

வயது போன வாசகர் நண்பர் ஒருவரிடம் இரண்டு அத்தியாயத்தையும் கொடுத்துப் பார்த்தேன். அவரும் 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்தவர். ஆசிரியர் பேசும் அத்தியாயத்தை வாசித்துவிட்டு நல்லாயிருக்கு தம்பி என்றார். பழையதை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் வீட்டுக்கு வந்து, “அந்தப் பிள்ளை என்ன பதில் சொன்னவ?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். வாசல்படியில் இருந்து தன் தமக்கையின் காணிக் கதையை ஒரு மணித்தியாலம் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். முதலாவது, தங்கச்சியிடம் புதிய கடைசி அத்தியாயம் கேட்டதை மீளப்பெறுங்கள், பழைய ஒன்பதாம் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு பின்பகுதியைத் திருத்தி எழுத அவருக்கு நேரம் கொடுங்கள். கடிதம் திரும்ப வந்தால் ஊர்வலமும் மகஜரும் வருகிற பகுதிகளும் மாற வேண்டிவரும். அவள் மகஜரில் கையெழுத்து வைக்கும்போது அந்தக் கடிதமும் அவளோடு இருக்கும். மூன்று மாதமாவது தேவைப்படும் என்று அவர் சொல்கிறார். ஆசிரியரை முற்றாக எடுக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. அவர் பேசட்டும், ஒன்றரைப் பக்கம் பேசட்டும், கூட்டம் முடிந்த பிறகு அவள் அவரிடம் போய்த் தன் கேள்வியைக் கேட்கட்டும். அவர் திணறட்டும்.

இரண்டாவது, அடுத்த வருடப் புள்ளித் திட்டத்தில் அந்த 40ஐ மாற்றுங்கள். செய்திக்கென்று தனியாகப் புள்ளி வைத்தால் எழுதுகிறவர் அதைத் தனியாக எழுதித்தான் தருவார். நான் வாசித்த பிரதிகளில் இன்னும் சிலவற்றில் இதே மாதிரி ஓர் ஆசிரியரோ, வெளியூரிலிருந்து வந்த இளைஞரோ, ஒரு டொக்டரோ கடைசி மூன்றில் ஒரு பங்கில் வந்து பேசத் தொடங்குகிறார். அவர்களுக்கு வீடு வாசல் இல்லை, பசி இல்லை, ஒரு பிழையும் விடுவதில்லை, யாரும் எதிர்க் கேள்வி கேட்பதில்லை. பேசியதால் அவர்களுக்கு எதுவும் நட்டமாவதும் இல்லை. நடுவர்கள் புள்ளி போடும்போது இதைப் பாருங்கள்: பேச்சு வந்த பக்கத்துக்கு முன் கதையில் இருந்த சிக்கல், அந்தப் பக்கத்துக்குப் பிறகும் இருக்கிறதா? இருந்தால் பேச்சு எவ்வளவு நீளமானாலும் நான் வாதாட மாட்டேன்.

கொப்பியை நான் ஒளிப்பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், 14 பக்கம். தங்கச்சி சம்மதம் தந்திருக்கிறார். உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு நடுவர் வீட்டுக்கும் நானே சைக்கிளில் கொண்டுவந்து தருகிறேன். வாசித்துவிட்டு அந்த உத்தியோகத்தர் கேட்ட கேள்விக்கு அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்குள் ஒருமுறை கதைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் புதிய கடைசி அத்தியாயம் வேண்டும் என்று முடிவெடுத்தால், அந்த முடிவை அவரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முதல் சுற்று வாசகர்களில் ஒருவன்
திருகோணமலை